சாலையோர டீக்கடை: 1,589 ரூபாய் எப்படி 949 ஆனது, அதன் பிறகு என்ன செய்தோம்

பின்னணி

திருச்சி துவாக்குடி சிட்கோ பக்கம் ஒரு டீக்கடை. சாலையோரத்தில் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. கடைக்கார அண்ணன் காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடுவார். அக்கா, அதாவது அவர் மனைவி, வடையும் பஜ்ஜியும் போடுவார். கிளாஸ் கழுவவும் பட்டறைகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒரு பையன் உண்டு, நாள் கூலி 500. ஞாயிறு விடுமுறை. நான் பக்கத்துப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், ஏழெட்டு வருடமாக அங்கேதான் டீ.

2024 ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கக் கையில் பணம் இல்லை. தண்டல்காரரிடம் பத்தாயிரம் எழுதி வாங்கினார். கையில் கிடைத்தது 8,500, நூறு நாளைக்குத் தினம் நூறு கட்ட வேண்டும். "தினமும் ஆயிரத்தைந்நூறு நிக்குது தம்பி, எங்க போகுதுன்னே தெரியல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கல்லாவை எண்ணிப் பார்த்தால் உண்மையிலேயே அவ்வளவு நிற்கிறது. அப்படியென்றால் கடன் எதற்கு? ஆறு நாள் எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கீழே உள்ள எண்கள் எல்லாம் அந்த ஆறு நாளின் சராசரி, எளிதாகப் படிக்கக் கொஞ்சம் முழுமையாக்கி இருக்கிறேன்.

அளந்த விதம்

டீயை எண்ணுவதுதான் முதல் சிக்கல். கூட்ட நேரத்தில் யாரும் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அக்காதான் வழி சொன்னார்: ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு காலி டப்பா, ஒரு கிளாஸ் ஊற்றினால் ஒரு கொட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். காசு வாங்கிய டீ, கடன் டீ, சும்மா கொடுத்த டீ, தாங்கள் குடித்த டீ, எதுவானாலும் கொட்டை விழ வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் நாள் பாதியில் மறந்துபோனார்கள், அந்த நாளைத் தள்ளிவிட்டு அடுத்த நாளிலிருந்து கணக்கு வைத்தோம். காபி கேட்பவர்கள் குறைவு என்பதால் அதையும் டீயோடே சேர்த்துவிட்டேன்.

கேஸுக்கு எடைதான் வழி. வணிக சிலிண்டரில் 19 கிலோ கேஸ் இருக்கும், காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். பக்கத்தில் பழைய இரும்புக்கடையில் பெரிய தராசு இருந்ததால் காலையிலும் இரவிலும் தூக்கிவைத்துப் பார்க்க முடிந்தது. டீ அடுப்புக்கும் வடை அடுப்புக்கும் எவ்வளவு என்று பிரிக்க, இரண்டு நாள் மட்டும் வடை அடுப்பை இன்னொரு சிலிண்டரில் மாட்டினோம். நாளுக்கு 3.8 கிலோ போகிறது, அதில் 2.5 டீக்கு, 1.3 வடைக்கு. அவருக்கு சிலிண்டர் 1,900 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. ஐந்து நாள் வரும், ஆக நாளுக்கு 380. வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டும் கடைகளின் கணக்கை இதோடு ஒப்பிட வேண்டாம். அது சட்டப்படி தவறு, பிடித்தால் சிலிண்டரையே எடுத்துக்கொண்டு போவார்கள்.

முதல் வாரத்தில் தெரிந்தது

நாளுக்கு 18 லிட்டர் பால், லிட்டர் 58 ரூபாய், ஆக 1,044. புளியங்கொட்டை 288 விழுந்தது. அதில் 254 கைக்காசு அல்லது ஜிபே, 22 கடன் நோட்டு, மீதி 12 அவர்கள் குடித்ததும் சும்மா கொடுத்ததும். டீ 12 ரூபாய். கடனையும் சேர்த்து 276 டீக்கு 3,312 ரூபாய் வர வேண்டும்.

டீக்கு ஆன செலவு: பால் 1,044, சர்க்கரை மூன்றரை கிலோ 154, டீத்தூள் ஒரு கிலோ நூறு கிராம் 374, கேஸ் 250, பேப்பர் கப் 110 எண்ணம் 66, கேன் தண்ணீர் மூன்று 90, இஞ்சி ஏலக்காய் 40. மொத்தம் 2,018. ஆக டீயில் நிற்பது 1,294.

வடை, பஜ்ஜி சேர்த்து 160 போடுகிறார்கள், ஒன்று எட்டு ரூபாய். பருப்பு, கடலைமாவு, வெங்காயம், வாழைக்காய், எண்ணெய் எல்லாம் 590, கேஸ் 130, மொத்தம் 720. ஒன்றுக்கு நாலரை ரூபாய் அடக்கம். விற்றது 126, அதாவது 1,008 ரூபாய். மீந்தது 34. ஆக நிற்பது 288. பன் 24 வாங்குகிறார், ஏழு ரூபாய்க்கு வாங்கிப் பத்துக்கு விற்கிறார், 19தான் போகிறது, மீந்ததை லைன் வண்டிக்காரர் திரும்ப எடுப்பதில்லை. 190 வரவு, 168 செலவு, நிற்பது 22 ரூபாய். பாட்டிலில் இருக்கும் முறுக்கு, பிஸ்கட், கடலைமிட்டாய் 350க்கு விற்று 280 கொடுத்ததுபோக 70. அவை வாரக்கணக்கில் கெடாது என்பதால் அங்கே தொல்லை இல்லை.

1,294, 288, 22, 70. கூட்டினால் 1,674. இதில் பையன் கூலி 500, இடத்துக்கும் கரண்டுக்கும் மாதம் கொடுக்கும் மூவாயிரத்தை 26 நாளுக்குப் பிரித்தால் 115, பெட்ரோல், சோப்பு, உடைந்த கிளாஸ் எல்லாம் 75. அப்புறம் கடன் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில், மூன்று மாதத்தில் சுமார் 2,700 ரூபாய் இனி வராது என்று அண்ணனே ஒப்புக்கொண்டார், ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அது நாளுக்கு 35. எல்லாம் கழித்தால் 949.

முதலில் அவர் நம்பவில்லை. அதனால் அவர் வழியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். கல்லாவுக்கு வருவது 4,596. அன்றன்று கையை விட்டுப் போவது பால், வடைச் சாமான், பன், பாட்டில் சாமான், சர்க்கரை, கப், தண்ணீர், இஞ்சி, கூலி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 3,007. மீதி 1,589, அவர் சொன்ன அதே ஆயிரத்தைந்நூறு. ஆனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் சிலிண்டரும், வாரம் ஒருமுறை வாங்கும் டீத்தூளும், மாதம் ஒருமுறை போகும் இட வாடகையும் அந்தத் தொகையில் இல்லை. மூன்றும் சேர்ந்து நாளுக்கு 869. கடன் டீயில் பின்னால் வரக்கூடிய 229ஐக் கூட்டிக்கொண்டால் சரியாக 949தான் வருகிறது. 1,589 இருப்பதாக நினைத்து வீட்டுக்கு 1,200 எடுத்தவருக்கு சிலிண்டர் தீரும் நாளில் எப்படிப் பணம் இருக்கும்! கடைசியில் அவரே விரலால் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பால் எங்கே போனது

ஒரு லிட்டருக்கு இருபது டீ என்பதுதான் அண்ணன் மனதில் இருந்த கணக்கு. வந்தது பதினாறு. இரவு மீந்த பால் முக்கால், ஒரு லிட்டர் வீட்டுக்குப் போகிறது, நாள் முழுக்கச் சிறு தீயில் காய்ந்து கொஞ்சம் வற்றுகிறது. இது இரண்டும் தெரிந்ததுதான். இவ்வளவு இடைவெளிக்கு அது போதாதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பையன் கழுவிக் கவிழ்த்து வைத்த கிளாஸ்களை அக்கா அடுக்கினார். ஒன்றுக்குள் ஒன்று சில போகிறது, சில போகவில்லை. எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தோம். பழைய கிளாஸ் விளிம்பு வரை 90 மில்லி, மற்றது 120. போன வருடம் கிளாஸ் உடைந்து குறைந்தபோது பாத்திரக்கடையில் இருந்ததை வாங்கி வந்திருக்கிறார்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இருந்த 30 கிளாஸில் 18 பெரியது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒருவருக்குச் சின்ன டீ, இன்னொருவருக்குப் பெரிய டீ, எந்தக் கிளாஸ் கைக்கு வருகிறதோ அதுதான்.

எடுத்த முடிவுகள்

கிளாஸ்: பெரியது பதினெட்டையும் எடுத்து வைத்துவிட்டு, 90 மில்லி கிளாஸ் 36 வாங்கினோம், ஒன்று 16 ரூபாய், மொத்தம் 576. வெறும் ஈடு கட்ட மட்டும் இல்லை இது. பத்தரை மணி கூட்டத்தில் கிளாஸ் பத்தாமல்தான் கடையில் நின்று குடிப்பவருக்கும் பேப்பர் கப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, சோதனைக்கு வந்தால் அபராதம். அந்தப் பயமும் குறையும் என்பதால் கப்பைப் பார்சலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு. பாலில் தண்ணீரைக் கூட்டலாமே என்று பெஞ்சில் இருந்த ஒருவர் சொன்னார், அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மறுநாளே நாக்குக்குத் தெரிந்துவிடும், போனவன் எதிர்க்கடையில் உட்கார்ந்துவிடுவான் என்றார். அது முழுக்கச் சரி.

வடை: மணி வாரியாக எழுதியதில் காலையில் போடும் நூறும் பதினொன்றரைக்குள் தீர்ந்துவிடுவது தெரிந்தது. மீதமெல்லாம் மாலையில்தான். மூன்றரை மணிக்கு எண்ணெய் காய்ந்த கையோடு அறுபதையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள், ஆறுமணி வரை 26 போகும், 34 ஆறிப்போய்த் தட்டில் கிடக்கும். அது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்றால், மீந்த வடை வீட்டில் வடகறி ஆகிவிடும். வாரத்தில் நாலு நாள் வடகறி. தின்பதால் வீணாகவில்லை என்று நினைத்திருந்தார்கள், ஆனால் நாளுக்கு 153 ரூபாய்க்கு வடகறி வைப்பதாக அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

எட்டு ரூபாய் வடையில் நிற்பது மூன்றரை. மீந்தால் போவது நாலரை. ஆகவே ஒன்று மீந்தால் ஒன்றுக்கு மேல் விற்ற லாபத்தைத் தின்றுவிடும், குறைவாகப் போட்டு நாலு பேர் இல்லை என்று திரும்பினாலும் பரவாயில்லை என்று நான் சொன்னேன். மாலையில் இருபது மட்டும் போடுவது, பருப்பை அரைத்து வெங்காயம் உப்பு சேர்க்காமல் வைத்திருந்து அவசியப்பட்டால் மட்டும் பிசைவது என்று வைத்தோம்.

பன்னை 24இலிருந்து 18 ஆக்கினோம். கடன் நோட்டில் ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்தோம். இதெல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைத்தது டப்பா: இரவு கல்லாவை எண்ணியதும் முதல் வேலையாக 870 ரூபாயை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும், அது சிலிண்டருக்கும் தூளுக்கும் வாடகைக்கும் மட்டும்.

அப்புறம் நடந்தது

கிளாஸ் மாற்றியதில் இரண்டு பேர் மட்டும் கேட்டார்கள். அதில் ஒருவருக்குப் பழைய கிளாஸையும் புதிய கிளாஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் போய்விட்டார். பால் 16 லிட்டருக்கு இறங்கியது, டீ எண்ணிக்கை குறையவில்லை. நாளுக்கு 116 ரூபாய் மிச்சம், சர்க்கரையில் 13. பேப்பர் கப் 50 ஆகக் குறைந்ததில் 36. பையனுக்குத்தான் கழுவும் வேலை கூடி முணுமுணுத்தான். கழுவ இரண்டாவது வாளி ஒன்று வைத்த பிறகு சரியானது.

வடையில் நான் சொன்னது தப்பாகப் போனது. முதல் வாரம் மாலையில் இருபதோடு நிறுத்தியதில் மீதம் ஒன்றிரண்டுதான், பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் புளியங்கொட்டை நாளுக்குப் பன்னிரண்டு குறைந்தது, அதுவும் மாலையில். பையனிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது: வடை இல்லை என்றால் வேலை விட்டு வருபவர் டீயும் குடிக்காமல் போய்விடுகிறார். ஒரு டீக்குப் பால், தூள், சர்க்கரை, கப் எல்லாம் போக ஆறு ரூபாய் நிற்கிறது. அப்படியானால் ஒருவர் திரும்பிப் போனால் நஷ்டம் மூன்றரை இல்லை, ஒன்பதரை. வடையைத் தனி வியாபாரமாக எண்ணிக் கணக்குப் போட்டது என் பிழை. நாலைந்து மீந்தாலும் இல்லை என்று சொல்லாமல் இருப்பதுதான் சரி, ஆனால் முப்பத்துநான்கு மீந்துவிடக்கூடாது.

இரண்டாவது வாரம் முறையை மாற்றினோம். மூன்றே முக்காலுக்கு இருபது, தட்டில் ஆறு இருக்கும்போது அடுத்த ஈடு ஒன்பது, மறுபடி ஆறுக்கு வந்தால் இன்னொரு ஒன்பது. மொத்தம் 38 போட்டு 30 விற்றது. சூடாக இருப்பதால் முன்பைவிட நாலு கூடுதலாகவே போனது. எண்ணெயை மூன்று முறை காய வைப்பதால் கேஸ் கூடும் என்று பயந்தேன், ஆனால் போடும் எண்ணிக்கை குறைந்ததால் சிலிண்டர் அதே ஐந்து நாள் வந்தது. வடையில் நாளுக்கு நிற்பது 288இலிருந்து 419 ஆனது. பன்னில் 17 விற்று 44, முன்பு 22. அதிகமாக வாங்கியபோது கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு.

மூன்றாவது வாரம் மறுபடி ஆறு நாள் முழுக் கணக்கு எழுதினோம். 1,267 நின்றது. டீ விலையை ஏற்றவில்லை, ஆளைக் குறைக்கவில்லை. நூறாவது நாள் தண்டல் முடிந்தது, புதிதாக எழுதவில்லை. நடுவில் ஒரு முறை வீட்டு மருத்துவச் செலவுக்கு டப்பாவிலிருந்து எண்ணூறு எடுத்துவிட்டார்கள், அந்த வாரம் சிலிண்டருக்குத் திணறினார்கள். அதற்குப் பிறகு டப்பாவின் மேல் அக்கா ஒரு ரப்பர் பேண்டும் கணக்குச் சீட்டும் போட்டுவிட்டார்.

அக்டோபரில் பால்காரர் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். முன்பென்றால் எல்லாம் ஏறிப்போச்சு என்று புலம்பியிருப்பார்கள். இந்த முறை அண்ணன் உடனே சொன்னார், பதினாறு லிட்டருக்கு முப்பத்திரண்டு ரூபாய், இதுக்குப் போய் டீயை ஏத்த வேண்டாம் என்று.

இன்னொரு முறை செய்தால்

சாதாரண வாரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் மாலை வடை அறுபதும் பத்தவில்லை, முப்பத்தெட்டு என்ற எண் ஆடி வெயிலுக்கு எடுத்தது. ஆறு இருக்கும்போது அடுத்த ஈடு என்ற விதிதான் மழையிலும் தாங்கியது, எண்ணிக்கை தாங்கவில்லை.

இன்னொன்று, அக்காவின் உழைப்பை நான் எந்த வரியிலும் எழுதவில்லை. 1,267 என்பது அண்ணனின் பதினைந்து மணிநேரத்துக்கும் அக்காவின் ஒன்பது மணிநேரத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது. ஒரு வடை மாஸ்டரைக் கூலிக்கு வைத்தால் வடையில் நிற்கும் 419 அவர் கூலிக்கே பத்தாது. இது எனக்கு உறைத்ததே அக்கா காய்ச்சலில் நாலு நாள் படுத்தபோதுதான். வெளியே ஒருவரிடம் ஒன்று ஆறரை ரூபாய்க்குத் தினமும் நூறு வடை வாங்கினார்கள், திரும்ப எடுக்க மாட்டார், 96 விற்றது. 768இல் 650 போக 118 ரூபாய். அந்த நாலு நாளும் இருவரும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அக்கா வந்ததும் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா வைத்தார். தினமும் 400 அதில் விழுகிறது. அது என் கூலி, சிலிண்டருக்குக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், அண்ணன் கேட்டதில்லை.